தொலைநோக்கியும் கூட்டு நுண்ணோக்கியும்: கதிர்ப்படம், உருப்பெருக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ஒளியியலில் ஐந்து மார்க் கேள்வியாக அடிக்கடி எட்டிப் பார்க்கும் பகுதி இது. சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும். மார்க் போவது படத்திலும், சூத்திரத்தில் எந்த நீளத்தைப் போடுவது என்பதிலும்தான். அதனால் பதில்களும் அந்த இரண்டைச் சுற்றியே இருக்கின்றன.

கணக்குகளில் ஒரே எண்களைக் கடைசி வரை வைத்துக்கொள்கிறேன். நுண்ணோக்கிக்குப் பொருளருகு லென்ஸின் குவியத்தொலைவு f_o = 1 செ.மீ. தொலைநோக்கிக்கு f_o = 100 செ.மீ. கண்ணருகு லென்ஸ் இரண்டிலும் ஒன்றே, f_e = 5 செ.மீ. அண்மைப்புள்ளித் தொலைவு D = 25 செ.மீ.

இரண்டிலும் இரண்டு குவிலென்ஸ்தானே இருக்கிறது? பிறகு ஒன்று கிருமியையும் இன்னொன்று நிலாவையும் காட்டுவது எப்படி?

கண்ணருகு லென்ஸுக்கு இரண்டு கருவியிலும் ஒரே வேலைதான். அது ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி. தன் முன்னால் உருவாகியிருக்கும் ஒரு சின்ன மெய்பிம்பத்தை அது பெரிதாக்கிக் காட்டுகிறது. அந்த மெய்பிம்பத்தைப் பொருளருகு லென்ஸ் எப்படி உருவாக்குகிறது என்பதில்தான் வித்தியாசம் வருகிறது.

நுண்ணோக்கியில் பொருள் குவியத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது. அதனால் லென்ஸுக்கு அப்பால், தொலைவில், பொருளைவிடப் பல மடங்கு பெரிய தலைகீழ் பிம்பம் கிடைக்கிறது. பெரிதாக்கும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

தொலைநோக்கியில் நடப்பது இதற்கு நேர் எதிர். நிலாவின் விட்டம் ஏறத்தாழ 3,474 கி.மீ. நம் 100 செ.மீ. லென்ஸ் உருவாக்கும் நிலா பிம்பத்தின் விட்டமோ 9 மி.மீ.தான். அதாவது பொருளருகு லென்ஸ் நிலாவைப் பயங்கரமாகச் சுருக்குகிறது. ஆனால் அந்த 9 மி.மீ. நிலா இப்போது குழாய்க்குள் இருக்கிறது. அதற்கு 5 செ.மீ. பக்கத்தில் லென்ஸை வைத்துப் பார்க்க முடியும். ஆகாயத்தில் இருப்பதைக் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவந்ததுதான் லாபம்.

நுண்ணோக்கியின் கதிர்ப்படத்தை எந்த வரிசையில் வரைந்தால் குழப்பம் வராது? நான் வரைந்தால் கடைசி பிம்பம் தாளை விட்டே போய்விடுகிறது.

தாளை விட்டுப் போவதற்குக் காரணம், இரண்டு லென்ஸையும் முதலிலேயே வரைந்துவிடுவது. முதல் பிம்பம் எங்கே விழுகிறது என்று தெரிந்த பிறகுதான் கண்ணருகு லென்ஸின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். அப்புறம், உண்மையான கருவியின் அளவுகளில் படம் வரையவே முடியாது. படத்துக்கென்று தனி எண்களை வைத்துக்கொள்ளுங்கள். நான் வகுப்பில் கொடுப்பது இதுதான்: பொருளருகு லென்ஸுக்கு 2 செ.மீ., கண்ணருகு லென்ஸுக்கு 4 செ.மீ. குவியத்தொலைவு. தாளைக் குறுக்காகத் திருப்பிக்கொண்டால் போதும்.

பொருளருகு லென்ஸுக்கு இடப்பக்கம் 3 செ.மீ. தள்ளி, அரை செ.மீ. உயரமுள்ள அம்புக்குறியை அச்சின்மேல் நிறுத்துங்கள். அதன் நுனியிலிருந்து இரண்டு கதிர்கள் போதும். ஒன்று அச்சுக்கு இணையாகப் போய், லென்ஸைத் தாண்டியதும் மறுபக்கக் குவியம் வழியாகச் செல்லும். இன்னொன்று ஒளியியல் மையம் வழியாக வளையாமல் போகும். இரண்டும் லென்ஸுக்கு வலப்பக்கம் 6 செ.மீ.யில், அச்சுக்குக் கீழே 1 செ.மீ.யில் வெட்டிக்கொள்ளும். அதுதான் முதல் பிம்பத்தின் நுனி. தலைகீழ், இரண்டு மடங்கு, மெய்யானது.

இப்போது அந்தப் பிம்பத்துக்கு வலப்பக்கம் 3 செ.மீ. தள்ளிக் கண்ணருகு லென்ஸை வரையுங்கள். அதன் குவியத்தொலைவு 4 செ.மீ. என்பதால் பிம்பம் குவியத்துக்கு உள்ளே மாட்டிக்கொண்டுவிட்டது. அது மாட்டிக்கொண்டால்தான் மாயபிம்பம் கிடைக்கும். லென்ஸின் அரை உயரத்தைக் குறைந்தது 2 செ.மீ. வையுங்கள், இல்லாவிட்டால் கதிர்கள் அதன் விளிம்புக்கு வெளியே போய்விடும்.

பலர் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். முதல் பிம்பத்தின் நுனியிலிருந்து புதிதாக ஒரு கதிரை அச்சுக்கு இணையாகக் கிளப்பி, அதையே முழுக்கோடாகக் கண்வரை கொண்டுபோகிறார்கள். அப்படி ஒரு கதிர் பொருளிலிருந்து வரவே இல்லை. அது கடைசி பிம்பத்தின் இடத்தைக் கண்டுபிடிக்க நாம் போடும் துணைக்கோடு. ஆகவே துணைக்கோடுகள் இரண்டையும், அதாவது இணைக்கோட்டையும் ஒளியியல் மையம் வழியாகப் போவதையும், புள்ளிக்கோடாகவே வரையுங்கள். பின்னோக்கி நீட்டினால் அவை கண்ணருகு லென்ஸுக்கு இடப்பக்கம் 12 செ.மீ.யில், அச்சுக்குக் கீழே 4 செ.மீ.யில் சந்திக்கும். கடைசி பிம்பத்தின் நுனி அது.

இனிமேல்தான் உண்மையான கதிர்கள். பொருளிலிருந்து கிளம்பிய அந்த இரண்டு கதிர்களையும் முதல் பிம்பத்தில் நிறுத்தாமல் நேராகக் கண்ணருகு லென்ஸ்வரை நீட்டுங்கள். அவை அச்சுக்குக் கீழே 1.5 செ.மீ.யிலும் 1.75 செ.மீ.யிலும் லென்ஸைத் தொடும். அங்கிருந்து, கடைசி பிம்பத்தின் நுனியிலிருந்து புறப்பட்டவைபோல வலப்பக்கம் மேல்நோக்கி வளைத்து விடுங்கள். வளைத்த கதிர்களைப் பின்னோக்கி நீட்டும் பகுதி மட்டும் புள்ளிக்கோடு. பொருளருகு லென்ஸின் மையம் வழியாக வந்த கதிர், கண்ணருகு லென்ஸைத் தாண்டி 7.2 செ.மீ.யில் அச்சை வெட்டும். கண்ணை அங்கே வரையுங்கள்.

ஒரு சின்ன வேடிக்கை: இந்த எண்களில் கடைசி பிம்பம் பொருள் இருக்கும் அதே தளத்தில் வந்து நிற்கும். தப்பாகிவிட்டதோ என்று அழித்துவிடாதீர்கள், நாம் எடுத்துக்கொண்ட எண்களால் அப்படி அமைந்துவிட்டது.

தொலைநோக்கிப் படத்தில் கண்ணருகு லென்ஸைத் தாண்டிய கதிர்களை எந்தப் பக்கம் சாய்ப்பது? மேலேயா கீழேயா?

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஒரு புள்ளிக்கோடு முடிவு செய்துவிடும். பொருளருகு லென்ஸுக்கு 10 செ.மீ., கண்ணருகு லென்ஸுக்கு 2 செ.மீ. என்று எடுத்துக்கொண்டு, இரண்டையும் 12 செ.மீ. இடைவெளியில் வரையுங்கள். இங்கே மட்டும் இரண்டு லென்ஸையும் முதலிலேயே வரையலாம், ஏனென்றால் முதல் பிம்பம் பொதுக்குவியத்தில்தான் விழும் என்று முன்கூட்டியே தெரியும்.

நிலாவின் மேல் விளிம்பிலிருந்து வரும் மூன்று கதிர்களை, ஒன்றுக்கொன்று இணையாக, இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கிச் சற்றே சாய்த்து வரையுங்கள். அச்சுக்கு இணையாக அல்ல. அச்சுக்கு இணையாக வரைந்தால் அது வட்டத்தின் நடுப்புள்ளி, பிம்பத்துக்கு உயரமே கிடைக்காது. மூன்றில் நடுவிலுள்ளது பொருளருகு லென்ஸின் மையம் வழியாக நேராகப் போகும். குவியத் தளத்தில் அது அச்சுக்குக் கீழே 0.8 செ.மீ.யில் இருக்குமாறு சாய்வை வையுங்கள். மற்ற இரண்டும் அதே புள்ளியில் வந்து சேரும்.

சேர்ந்த மூன்றும் நிற்காமல் மேலே போகின்றன. லென்ஸின் மேல்முனையிலும் கீழ்முனையிலும், மையத்திலிருந்து 1 செ.மீ.யில் நுழைந்த கதிர்கள் என்று வைத்துக்கொண்டால், மூன்றுமே கண்ணருகு லென்ஸை அச்சுக்குக் கீழேதான் தொடும், 0.76 செ.மீ.க்கும் 1.16 செ.மீ.க்கும் இடையில். அச்சின் இருபுறமும் ஒவ்வொன்றாகப் பிரிந்து தொடுவதுபோல வரைவது தவறு.

இப்போது அந்தப் புள்ளிக்கோடு. பிம்பத்தின் நுனியிலிருந்து கண்ணருகு லென்ஸின் மையம் வழியாக ஒன்று இழுங்கள். அது மேல்நோக்கிச் சாயும். நுனி சரியாகக் குவியத் தளத்தில் இருப்பதால், லென்ஸைத் தாண்டும் மூன்று கதிர்களும் இந்தக் கோட்டுக்கு இணையாகத்தான் போக வேண்டும். அவ்வளவுதான், திசை கிடைத்துவிட்டது. மேலிருந்து இறங்கிய வெளிச்சம் இப்போது கீழிருந்து ஏறுவதுபோலக் கண்ணுக்குள் நுழைகிறது. நிலா தலைகீழாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

படத்திலேயே உருப்பெருக்கத்தையும் அளந்துவிடலாம். உள்ளே வந்த கதிரின் சாய்வு 10 செ.மீ.க்கு 0.8 செ.மீ. வெளியேறும் கதிரின் சாய்வு 2 செ.மீ.க்கு 0.8 செ.மீ. ஐந்து மடங்கு. f_o / f_e = 10 / 2 = 5.

நுண்ணோக்கிக்கு மட்டும் D வருகிறது, தொலைநோக்கிக்கு வரவில்லை. ஏன்?

உருப்பெருக்கம் என்பது பிம்பத்தின் அளவைப் பொருளின் அளவால் வகுப்பது என்று நினைத்தால் இந்தக் கேள்விக்கு விடையே கிடைக்காது. இரண்டு கருவியிலும் இறுதி பிம்பத்தை முடிவிலியில் வைக்கலாம், அதன் உயரமும் முடிவிலி. நாம் ஒப்பிடுவது கோணங்களை. கருவி வழியாகக் கண்ணில் உண்டாகும் கோணம் மேலே, கருவி இல்லாமல் உண்டாகும் கோணம் கீழே.

அந்தக் கீழே இருக்கும் கோணம்தான் ஆளை மாற்றுகிறது. ஓர் எறும்பை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவருவோம். அதிகபட்சம் 25 செ.மீ. வரை கொண்டுவரலாம், அதற்குள் வந்தால் மங்கிவிடும். ஆகவே கருவி இல்லாத கோணம் h / D. நிலாவை அப்படிக் கொண்டுவர முடியாது. அது இருக்கும் இடத்திலிருந்தே கிட்டத்தட்ட அரை பாகைக் கோணம் உண்டாக்குகிறது, அதுதான் ஒப்பீட்டுக்கு. D-க்கு அங்கே வேலையே இல்லை.

எண்ணில் பார்ப்போம். நிலாவின் கோணம் 0.009 ரேடியன். பொருளருகு லென்ஸ் உருவாக்கும் பிம்பம் 100 × 0.009 = 0.9 செ.மீ. அதைக் கண்ணருகு லென்ஸ் 5 செ.மீ. தூரத்திலிருந்து பார்க்கிறது. கோணம் 0.9 / 5 = 0.18 ரேடியன், அதாவது சுமார் 10 பாகை. 0.18-ஐ 0.009-ஆல் வகுத்தால் 20. மேலே இருந்த f_o-வும் கீழே இருந்த f_e-யும் எங்கிருந்து வந்தன என்பது இந்த இரண்டு வரியிலேயே தெரிகிறது.

நுண்ணோக்கிச் சூத்திரத்தில் வரும் L என்பது குழாயின் நீளமா? லென்ஸ்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் போட்டால் விடை ஒத்துவருவதில்லை.

ஒத்துவராது, ஏனென்றால் அது வேறு நீளம். L என்பது பொருளருகு லென்ஸின் பின்பக்கக் குவியத்திலிருந்து கண்ணருகு லென்ஸின் முன்பக்கக் குவியம்வரை உள்ள தூரம். இரண்டு லென்ஸுக்கும் இடையே உள்ள தூரத்திலிருந்து f_o, f_e இரண்டையும் கழித்தால் கிடைப்பது.

நம் நுண்ணோக்கியில் லென்ஸ்களுக்கு இடையே 21 செ.மீ. என்றும், இறுதி பிம்பம் முடிவிலியில் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் பிம்பம் கண்ணருகு லென்ஸின் குவியத்தில் இருக்க வேண்டும், எனவே v_o = 21 − 5 = 16 செ.மீ. பொருளின் தூரத்தை லென்ஸ் சமன்பாட்டில் கண்டுபிடிக்கலாம்:

1/v_o − 1/u_o = 1/f_o
1/u_o = 1/16 − 1 = −15/16
u_o = −1.067 செ.மீ.

பொருளருகு லென்ஸின் உருப்பெருக்கம் 16 / 1.067 = 15. கண்ணருகு லென்ஸுக்கு D / f_e = 5. மொத்தம் 75.

இப்போது சூத்திரம். L = 21 − 1 − 5 = 15. (L / f_o)(D / f_e) = 15 × 5 = 75. அப்படியே பொருந்துகிறது. L இருக்கும் இடத்தில் 21-ஐப் போட்டிருந்தால் 105 வந்திருக்கும், நாற்பது சதவீதம் அதிகம்.

கேள்வியில் f_o, f_e, லென்ஸ்களுக்கு இடையே உள்ள தூரம் மூன்றையும் கொடுத்திருந்தால், என் பேச்சைக் கேட்டு L பக்கமே போகாதீர்கள். கண்ணருகு லென்ஸிலிருந்து பின்னோக்கி, படிப்படியாக லென்ஸ் சமன்பாட்டில் போங்கள். கூடுதலாக இரண்டு வரி எழுத வேண்டும், ஆனால் தவறுக்கு இடமே இருக்காது.

அண்மைப்புள்ளி குவியப்படுத்துதல், இயல்புநிலைக் குவியப்படுத்துதல் இரண்டுக்கும் சூத்திரம் மாறிப்போகிறது. (1 + D/f_e) எதற்கு, (1 + f_e/D) எதற்கு?

முதலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இறுதி பிம்பத்தை முடிவிலியிலிருந்து 25 செ.மீ.க்குக் கொண்டுவர, முதல் பிம்பம் கண்ணருகு லென்ஸுக்கு இன்னும் கொஞ்சம் நெருங்க வேண்டும். v = −25, f_e = 5 என்று போட்டால் u_e = −25/6, அதாவது 5 செ.மீ.க்குப் பதில் 4.17 செ.மீ. எட்டு மில்லிமீட்டர் நகர்வுதான் முழுக்கதையும்.

நெருங்கியதால் கோணம் 5 / 4.17 = 1.2 மடங்காகிறது. இரண்டு கருவிக்கும் கண்ணருகு லென்ஸ் ஒன்றே என்பதால், இரண்டிலும் அதே 1.2 மடங்குதான். முதல் பிம்பம் இருந்த இடத்திலேயே இருக்க, கண்ணருகு லென்ஸை மட்டும் உள்ளே தள்ளியதாக வைத்துக்கொண்டால் நுண்ணோக்கி 75-லிருந்து 90 ஆகும். தொலைநோக்கி 20-லிருந்து 24 ஆகும்.

இந்த 1.2 என்பது 1 + f_e/D. தொலைநோக்கியில் அது அப்படியே ஒட்டிக்கொள்கிறது: (f_o / f_e)(1 + f_e / D). நுண்ணோக்கியில் ஏற்கெனவே D / f_e நிற்பதால், பெருக்கினால் 1 + D / f_e ஆகிவிடுகிறது. இரண்டு சூத்திரமும் வேறு வேறு மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் சங்கதி ஒன்றுதான்.

மாற்றிப் போட்டுவிட்டோமா என்று தேர்வறையில் சோதிப்பது சுலபம். இரண்டு நிலைக்கும் விடைகள் கொஞ்சம்தான் வித்தியாசப்பட வேண்டும். தொலைநோக்கிக்குத் தவறாக 1 + D/f_e போட்டால் 20 × 6 = 120 வரும். எட்டு மில்லிமீட்டர் நகர்த்தியதற்கு 20 எப்படி 120 ஆகும்?

குழாயின் நீளமும் குறையும், அதைக் கேட்டால் மறந்துவிடாதீர்கள். தொலைநோக்கியில் 105 செ.மீ.யிலிருந்து 104.17 செ.மீ.

நுண்ணோக்கியின் இரண்டு லென்ஸையும் இடம் மாற்றித் தொலைநோக்கி செய்ய முடியுமா?

மாற்றினால் f_o = 5, f_e = 1, உருப்பெருக்கம் 5. கணக்குப்படி தொலைநோக்கிதான். ஆனால் 5 செ.மீ. லென்ஸ் உருவாக்கும் நிலா அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நுண்ணோக்கிக்கு f_o, f_e இரண்டுமே கீழே நிற்பதால் இரண்டும் சிறியதாக வேண்டும். தொலைநோக்கிக்கு f_o மேலே நிற்கிறது, அது நீளமாக வேண்டும். பள்ளி ஆய்வகக் கருவியில் எழுதியிருக்கும் 10X கண்ணருகு லென்ஸ் 2.5 செ.மீ. குவியத்தொலைவு உள்ளது, D / f_e = 10 என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள்.

நீளமாக வேண்டும் என்பதை எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகம் ஓர் எடுத்துக்காட்டு. 1897-இல் திறக்கப்பட்ட அதன் பொருளருகு லென்ஸின் விட்டம் 40 அங்குலம், குவியத்தொலைவு 19 மீட்டருக்கு மேல். வானாய்வுக்குப் பயன்பட்ட லென்ஸ் தொலைநோக்கிகளில் அதைவிடப் பெரியது வரவில்லை. லென்ஸை விளிம்பில் மட்டும்தான் தாங்கிப் பிடிக்க முடியும், அதற்குமேல் போனால் கண்ணாடி தன் எடையாலேயே தொய்யும். ஆடியை என்றால் முதுகு முழுக்கத் தாங்கலாம், அதனால் பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் ஆடிக்கு மாறின.

வீட்டில் செய்து பார்க்கலாமா? உருப்பெருக்கத்தை எப்படி அளப்பது?

கண்ணாடிக்கடையில் +1 டையாப்டர் லென்ஸ் கேளுங்கள், 100 செ.மீ. குவியத்தொலைவு அதுதான். 5 செ.மீ. குவியத்தொலைவுள்ள ஒரு சின்ன உருப்பெருக்கி லென்ஸும் இரண்டு அட்டைக் குழாய்களும் வேண்டும், ஒன்றுக்குள் ஒன்று நழுவும்படி.

முதல்முறை நான் செய்தபோது நிலாவைச் சுற்றி நீலமும் சிவப்புமாக விளிம்பு கட்டி, ஒரு பள்ளமும் தெரியவில்லை. ஒற்றை லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு தூரத்தில் குவிப்பதால் வரும் கோளாறு அது. கறுப்புத் தாளில் 2.5 செ.மீ. வட்ட ஓட்டை வெட்டிப் பொருளருகு லென்ஸின்மேல் ஒட்டியதும் படம் மங்கினாலும் கூர்மையாகிவிட்டது.

அளப்பதற்குப் பகலில் குழாயை வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்பி, கண்ணருகு லென்ஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். சுமார் 5.25 செ.மீ.யில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் கூர்மையாக விழும். கண்ணருகு லென்ஸ் உருவாக்கும் பொருளருகு லென்ஸின் பிம்பம் அது, கண் வளையம் என்பார்கள். ஓட்டையின் விட்டத்தை அந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 25 மி.மீ. ஓட்டைக்கு 1.25 மி.மீ. வட்டம் வந்தால் 20. இவ்வளவு சின்ன வட்டத்தை அளவுகோலால் அளப்பது கடினம், அதனால் இந்தச் சோதனைக்கு மட்டும் கறுப்புத் தாளை எடுத்துவிட்டு முழு லென்ஸையும் பயன்படுத்துங்கள்.

கண்ணை வைக்க வேண்டிய இடமும் அந்த வட்டம் விழும் இடம்தான். கண்ணை லென்ஸோடு ஒட்டி வைத்தால் காட்சியின் ஓரங்கள் இருண்டு, ஓட்டை வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும். கொஞ்சம் பின்னால் வாருங்கள், திறந்துகொள்ளும்.

குழாயைத் திருப்பும்போது சூரியன் இருக்கும் பக்கம் வேண்டாம், அதன் வழியாகச் சூரியனை ஒரு நொடிகூடப் பார்க்கவே கூடாது.